வீசும் கச்சானும் கொறிக்கும் கச்சானும்: ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தோட்டச் செய்கை பற்றிக் காணொளி எடுத்து யூடியூபில் போடும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். சில வருடங்கள் காணொளிகளுக்குத் தலைப்பு வைப்பதையே தொழிலாகச் செய்தவன் நான். உங்களுடைய ஒரு காணொளியின் தலைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"கச்சான் காலத்தில் கவனம்! நட்டத்தைத் தவிர்க்க 5 வழிகள்."

உள்ளே இருக்கும் விஷயம் அருமை. மிளகாய், கத்தரிக் கன்றுகளுக்கு மேற்குப் பக்கமாகக் கிடுகு வேலி கட்டுவது, காற்று கொஞ்சம் ஊடுருவிப் போக வேலியில் இடைவெளி விடுவது, பாத்திக்கு வைக்கோல் மூடாக்குப் போடுவது, வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர் விடுவது எல்லாம் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். மதில் போல முழுதாக அடைத்தால் காற்று மேலால் ஏறி, மறுபக்கம் சுழன்று விழும் என்று காட்டிய இடத்தை நான் திருப்பிப் பார்த்தேன். ஆனால் அதை வவுனியாவில் கச்சான் வியாபாரம் செய்யும் மச்சான் ஒருவருக்கு அனுப்பியபோது, "மூட்டை விலை இறங்கப் போகுதாமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலம், கவனம், நட்டம், வழிகள் என்று தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நிலக்கடலை வியாபாரிக்கும் அப்படியே பொருந்துகிறது.

நம் ஊரில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் என்றால் காற்று. தென்மேல் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட, மலை தாண்டி இறங்கும் காற்று நமக்கு வறண்டும் சுட்டும் வருகிறது. ஆனால் இலங்கையில் கச்சான் என்று தேடும் பெரும்பாலானோருக்கு அது கொறிக்கிற சாமான்: வறுத்த கச்சான், கச்சான் அல்வா, கோயில் வாசல் கச்சான் கடை. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. காற்று உச்சத்தில் வீசும் ஆடி மாதத்தில்தான் மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவும் வருகிறது. ஆக இரண்டு கச்சானையும் ஒரே மாதத்தில் ஆட்கள் தேடுவார்கள். (தமிழ்நாட்டு ஆட்களால் இந்தக் குழப்பம் அதிகம் வராது. அவர்களுக்கு அது வேர்க்கடலை.)

தவறான ஆள் தட்டினால் என்ன, பார்வை ஒன்று கூடுகிறதே என்று நினைப்பீர்கள். அல்வா செய்யப் பார்க்க வந்தவர் மிளகாய்ப் பாத்தியைக் கண்டதும் சில நொடிகளில் போய்விடுவார். அப்படிப் போகிறவர்கள் கூடினால், யூடியூப் அந்தக் காணொளியைப் பரிந்துரைப்பதைக் குறைத்துக்கொள்ளும். உண்மையில் கன்று வாடிக் கிடக்கிற செட்டிபாளையத்து விவசாயிக்கு அது போய்ச் சேராமல் போவதுதான் பெரிய நட்டம்.

சரி, எப்படி மாற்றுவது? முதலில் உங்கள் கணக்கில் இருந்து வெளியே வந்து, மறைநிலைச் சாளரத்தில் "கச்சான்" என்று மட்டும் எழுதித் தேடுங்கள். உங்கள் கணக்கிலேயே தேடினால் நீங்கள் வழக்கமாகப் பார்ப்பதற்கு ஏற்ப முடிவுகள் வரும், அதை நம்ப முடியாது. கீழே விழும் பரிந்துரைகளும் முதல் பக்கத்துப் படங்களும் வறுத்த கச்சானாக இருந்தால், அந்தச் சொல் தனியே நிற்கும் தலைப்பு உங்களுக்கு உதவாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, சிக்கலான சொல்லையே தூக்கிவிட்டு "தென்மேல் பருவக்காற்றிலிருந்து பயிர்ப் பாதுகாப்பு" என்று போடுவது. இது பிழையில்லாத தமிழ். ஆனால் தோட்டத்தில் நிற்கிற ஒருவர் அப்படித் தேட மாட்டார். அதைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் புவியியல் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. ஒரு தவறான கூட்டத்தை அனுப்பிவிட்டு இன்னொன்றைக் கூப்பிட்டதாக முடியும்.

"கச்சான் காற்று: நட்டத்தைத் தவிர்க்க 5 வழிகள்" என்றால் வியாபாரி விலகிவிடுவார். ஆனால் யாருடைய நட்டம் என்று இன்னும் தெரியவில்லை. காற்று என்றதும் கரையில் தோணி வைத்திருப்பவர் கடல் நிலைமை பற்றியதாக்கும் என்று தட்டுவார். பக்கத்தில் வைக்கிற சொல் ஒரு பொருளை வெட்டினால் மட்டும் போதாது, யாருக்கான காணொளி என்பதையும் அதுதான் சொல்ல வேண்டும். அந்த வேலையை இங்கே பயிரின் பெயர் செய்யும்.

நான் வைப்பதானால் இப்படி வைப்பேன்: "கச்சான் காற்றில் மிளகாய்க் கன்று வாடாமல் வேலி அடைப்பது எப்படி?" முதல் நான்கு சொற்களிலேயே காற்று, பயிர் இரண்டும் வந்துவிடுகின்றன. இந்த வரிசை முக்கியம். நீளமான தலைப்பின் வாலைப் போன் திரை வெட்டிவிடும். வெட்டிய பிறகு "கச்சான் காலத்தில்…" என்று மட்டும் மிஞ்சினால் பின்னால் எழுதிய விளக்கம் வீண். யூடியூப் தருவதே 100 எழுத்துக்கள், அதிலும் நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "கச்சான்" நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஏழு. கத்தரியை விளக்கக் குறிப்புக்குத் தள்ளிவிடுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்காக kachan kaathu என்பதையும் அங்கே ஒரு வரியில் சேர்க்கலாம். டேக் பெட்டியில் சொற்களைக் குவிப்பதால் பெரிய பலன் இல்லை என்று யூடியூப்பே சொல்கிறது.

முகப்புப் படத்தையும் கவனியுங்கள். இப்போது இருப்பதில் மண் கட்டியும் கையும்தான் தெரிகின்றன. கச்சான் பிடுங்குகிற படம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற மிளகாய்க் கன்றும் கிடுகு வேலியும் தெரிந்தால் தலைப்பின் சுமை பாதி குறையும். மற்றப் பக்கத்தில், கச்சான் செய்கை பற்றி எடுக்கிறவர்களும் "கச்சான் விதைப்பு", "கச்சான் அறுவடை" என்று சேர்த்தே எழுதினால் அவர்களிடம் காற்றைத் தேடி யாரும் போகமாட்டார்கள்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க, பார்வை எண்ணிக்கையை நம்பாதீர்கள். அது குறையக்கூடும். குறையவும் வேண்டும். காணொளியின் Analytics பகுதியில் Reach என்பதைத் திறந்து, எந்தத் தேடல் சொற்களால் ஆட்கள் வந்தார்கள் என்று பாருங்கள். முன்பு "கச்சான் அல்வா", "கச்சான் வறுப்பது" என்று இருந்த இடத்தில் "கச்சான் காற்று", "மிளகாய் வாடல்" என்று வரத் தொடங்கினால் சரி. முதல் 30 நொடிக்குப் பிறகும் எத்தனை சதவீதம் பேர் இருந்தார்கள் என்ற எண்ணையும் பழைய தலைப்பு இருந்த நாட்களோடு ஒப்பிடுங்கள். தட்டும் வீதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பது சாதாரணம் என்கிறது யூடியூப். ஆகவே 6 இருந்தது 4 ஆனதற்குப் பதற வேண்டாம், 30 நொடி எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சில டசின் பார்வைகளை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். தலைப்பை அடிக்கடி மாற்றினால் எது எதனால் நடந்தது என்றே தெரியாமல் போகும்.

"கச்சான்" என்று ஒற்றைச் சொல் போட்டுத் தேடுகிறவர் காற்றைத்தான் தேடினாலும் உங்களிடம் வராமல் போகலாம். அதை எந்தத் தலைப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

காணொளியைத் திரும்ப எடுக்கவோ புதிதாக ஏற்றவோ தேவையில்லை. தலைப்பை மாற்றினாலும் இணைப்பும் பழைய பார்வைக் கணக்கும் அப்படியே இருக்கும். வைகாசிக்குள் மாற்றிவிடுங்கள். உங்கள் பட்டியலில் இதே மாதிரி இன்னொன்றும் கிடக்கிறது: "வாடை வந்தால் என்ன செய்வது?" காற்றைச் சொல்கிறீர்களா, கோழிக்கூட்டு நாற்றத்தையா என்று எனக்கே தெரியவில்லை.

அன்புடன்,
ஆரையம்பதியிலிருந்து உங்கள் பார்வையாளர் ஒருவர்