எடையை மட்டும் எழுதினால் முதுகு பிழைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிடங்குத் தொழிலாளர் முதுகுவலி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, "முழங்காலை மடக்கித் தூக்குங்கள்" என்ற அறிவுரையோடு நின்றுவிட்டது. டர்பனில் ஒரு மளிகைக் கிடங்கில் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருக்கிறேன். அந்த அறிவுரை எங்கள் சுவரில் பல வருடங்களாகத் தொங்குகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவ விடுப்பில் போகிறவர்களும் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்லிவிட்டார்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் 2019 டிசம்பரில் வந்த, வேலையை உடம்புக்கு ஏற்றபடி அமைக்கச் சொல்லும் எர்கனாமிக்ஸ் ஒழுங்குவிதிகளின்படி, தகுதி பெற்ற ஒருவர் வேலையின் ஆபத்தை மதிப்பிட வேண்டும்; இரண்டு ஆண்டுக்கு மேல் போகாமல் அதைத் திரும்பச் செய்யவும் வேண்டும். ஆனால் நான் பார்த்த படிவங்களில் இருப்பது இதுதான்: "பெட்டி 20 கிலோ, ஆபத்து நடுத்தரம், தீர்வு பயிற்சி." அளவுநாடா எடுக்காமல் எழுதிய படிவம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய தூக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்று அது தொடங்கி, சாதகம் குறையக் குறைய எடையையும் குறைத்துக்கொண்டே வரும். எங்கள் சமையல் எண்ணெய்ப் பெட்டியையே அதில் போட்டுப் பார்த்தேன். பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டான பேலட்டின் அடி வரிசை, அதிலும் எட்டிப் பிடிக்க வேண்டிய தூரத்துப் பெட்டி. கணுக்காலிலிருந்து கை 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. அது ஒன்றே 23-ஐப் பாதியாக்கிவிடுகிறது. கை தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் தொடங்கி 100 செ.மீ. வரை போகிறது, உடம்பும் 45 டிகிரி திரும்புகிறது. இவற்றையும் பெருக்கினால் மிஞ்சுவது சுமார் 7 கிலோ. பெட்டியோ 20 கிலோ, ஏறத்தாழ மூன்று மடங்கு!

பெட்டியின் எடையைத் தொடாமல் இதை மாற்ற முடியும். அடியில் காலி பேலட்டுகளை அடுக்கிக் கை வைக்கும் இடத்தை 75 செ.மீ.க்கு உயர்த்துங்கள். பேலட்டைச் சுவரோடு ஒட்டாமல், சுற்றி வர வழிவிட்டு வையுங்கள். எட்டும் தூரம் 30 செ.மீ. ஆகிவிடும். இறக்கும் இடத்தைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். பக்கத்தில் இருந்தால் இடுப்பைத் திருகுவார்கள், தள்ளி இருந்தால் காலை எடுத்து வைப்பார்கள். இப்போது கணக்கு 19 கிலோவைக் காட்டும். அடியை உயர்த்தினால் மேல் வரிசை தோளுக்கு மேல் போய்விடும் என்பதால், அடுக்கின் உயரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். கடைகளிலும் இதே கதைதான்: கனமான சரக்கு இடுப்பு உயரத் தட்டில் இருக்கட்டும்.

இதோடு முடிந்துவிடவில்லை. நிமிடத்துக்கு நான்கு பெட்டி வீதம் நாள் முழுக்கத் தூக்கினால், அந்த 19 கிலோ 9-க்கும் கீழே இறங்கிவிடும். மேலாளர்களுக்குப் பிடிக்காத பகுதி இதுதான். இடத்தைச் சரிசெய்ய மரப்பலகை போதும். வேகத்தைச் சரிசெய்ய ஆள் வேண்டும், வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மருத்துவமனைப் போர்ட்டர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பெட்டி திடீரென்று கழுத்தைப் பிடித்துக்கொள்ளாது, நோயாளி பிடித்துக்கொள்வார். 2007-இல், எல்லாம் சாதகமாக இருந்தாலும் நோயாளியைத் தூக்கும்போது ஒருவர் கையில் 16 கிலோவுக்கு மேல் வரக்கூடாது என்று ஒரு பரிந்துரை வந்தது. 80 கிலோ நோயாளியை இரண்டு பேர் தூக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அங்கே மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டியவை வேறு: கட்டிலும் டிராலியும் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா, பிரேக் நிற்கிறதா, நோயாளியைத் தூக்காமல் நகர்த்த உதவும் சறுக்கு விரிப்பு அந்த வார்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா அல்லது பூட்டிய அலமாரியில் இருக்கிறதா?

மதிப்பீட்டாளர் வரும் நாளும் முக்கியம். எங்களிடம் அவர் வந்தது செவ்வாய் காலை, தளம் பாதி காலி. சம்பளம் போட்ட வாரத்தில், லாரிகள் வரிசையில் நிற்கும்போது வந்திருந்தால் வேறு எண்கள் கிடைத்திருக்கும். மற்றக் கிடங்குகளின் பிரதிநிதிகளும் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இதைக் கேட்டு, குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்: எந்த ஷிஃப்டில் அளந்தார்கள், எந்த வரிசைப் பெட்டியை அளந்தார்கள், கை எவ்வளவு தூரம் எட்டியது.

இப்படிக்கு,
கிடங்குப் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.