அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் தொடர்பாகப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நடந்து முடிந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் மாணவர்கள் வழக்கம்போல் உற்சாகமாகப் பங்கேற்றுப் பரிசுகள் பெற்றனர், அனைவருக்கும் பாராட்டுகள். குடிநீர்த் தொட்டி பழுது பார்க்கும் பணியும் ஒருவழியாக முடிந்தது.

இனி, 11-ஆம் வகுப்பு வணிகக் கணித விடைத்தாள் குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. கையொப்பத்துக்காக வீட்டுக்கு அனுப்பிய தாள்களில் பல, “விடை 50 தானே, மதிப்பெண் ஏன் இல்லை?” என்ற குறிப்போடு திரும்பி வந்துள்ளன. ஒரு கார் ஓர் ஊருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன என்பதே கேள்வி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்துப் பெறுவது. ஊர் 120 கி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், போவதற்கு 3 மணி நேரமும் வருவதற்கு 2 மணி நேரமும் ஆகின்றன, 240 கி.மீ. தூரத்தை 5 மணி நேரத்தால் வகுக்க, விடை 48. கார் மெதுவான வேகத்தில்தான் கூடுதல் நேரம் ஓடியது என்பதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. தொலைவை 60 கி.மீ. என்று மாற்றினாலும் விடை மாறாது. இதைத்தான் பாடநூல் இசைச் சராசரி என்கிறது: வேகங்களின் தலைகீழிகளுக்குக் கூட்டுச் சராசரி கண்டு, அதைத் தலைகீழாக்க வேண்டும்.

2 / (1/40 + 1/60) = 48

இன்னும் ஐயம் இருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். 60 கி.மீ. தொலைவுக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போய்விட்டு, முழுப் பயணத்தின் சராசரியை 60 ஆக்க எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? கூட்டிப் பாதியாக்கும் வழி 90 என்று சொல்லும். ஆனால் 120 கி.மீ. தூரத்தைச் சராசரி 60 வேகத்தில் கடக்க மொத்தம் 2 மணி நேரமே உண்டு. அந்த 2 மணி நேரமும் போகும்போதே தீர்ந்துவிட்டது. எனவே எந்த வேகத்தில் திரும்பினாலும் அது நடவாது. அதேசமயம், கார் 40 வேகத்தில் ஒரு மணி நேரமும் 60 வேகத்தில் ஒரு மணி நேரமும் ஓடியது என்று கேள்வி இருந்திருந்தால் 50 என்பதே சரி. சமமாக இருப்பது தூரமா, நேரமா என்று கேள்வியைப் படித்துப் பார்ப்பதற்கே அந்த மதிப்பெண்.

அடுத்த கேள்வி, நகைச் சீட்டில் ஒரு கிராம் தங்கம் சராசரியாக என்ன விலைக்குக் கிடைத்தது என்பது. மாதம் 6,000 ரூபாய் கட்ட, அன்றைய விலைக்கு எடை வரவு வைக்கப்படுகிறது. மூன்று மாத விலை கிராமுக்கு 8,000, 10,000, 12,000 ரூபாய். வரவாகும் எடை முறையே 0.75, 0.6, 0.5 கிராம், ஆக 1.85 கிராம். 18,000 ரூபாயை அதனால் வகுத்தால் கிராம் ஏறக்குறைய 9,730 ரூபாய். மூன்று விலைகளின் கூட்டுச் சராசரியான 10,000 அன்று. விலை குறைவாக இருந்த மாதத்தில் அதே பணத்துக்குக் கூடுதல் தங்கம் சேர்வதே காரணம். கடைக்காரர் தந்த தள்ளுபடி அன்று. இதை இலாபம் என்றும் கொள்ளக்கூடாது: இன்றைய விலை 9,000 ஆக இருந்தால் நட்டமே. மாதம் ஒரு கிராம் என்று வாங்கியிருந்தால் 10,000 சரியாகியிருக்கும். பணமாகவே சேர்த்துக் கடைசி நாள் விலைக்கு நகை தரும் சீட்டுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

விளக்கம் கேட்பது பெற்றோரின் உரிமை, அதை வரவேற்கிறேன். ஆனால் விடைத்தாளில் 48-ஐ அடித்துவிட்டு 50 என்று எழுதி அனுப்புவதையும், அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து ஆசிரியரின் தகுதியைக் கேலி செய்வதையும் ஏற்க இயலாது. திருத்தப்பட்ட தாளில் பெற்றோரின் கையொப்பம் தவிர வேறு எவர் எழுத்தும் இருத்தல் கூடாது. அவ்வாறு எழுதப்பட்ட தாள்கள் மறுகூட்டலுக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா.

பெரும்பாலோர் பிள்ளைகளின் மீதுள்ள அக்கறையால்தான் எழுதினீர்கள் என்பதை அறிவேன். தமது சீட்டு அட்டையையே எடுத்துவந்து, ஒவ்வொரு மாத எடையையும் கணித ஆசிரியருடன் அமர்ந்து கூட்டிப் பார்த்த தாய் ஒருவருக்கு என் தனிப்பட்ட நன்றி. மற்றவர்களும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை ஆசிரியரை நேரில் சந்திக்கலாம். விடைத்தாளை உடன் கொண்டு வரவும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்