டிவிடெண்ட் வர்ற ஸ்டாக்ல ஆப்ஷன் வச்சிருக்கற நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். ரிசல்ட் சீசன் முடிஞ்சு கம்பெனிங்க வரிசையா டிவிடெண்ட் அறிவிக்க ஆரம்பிச்சாச்சு, மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நம்ம ஆபீஸ் ஃபோன்ல வர்ற கேள்வில பாதி இதைப் பத்திதான் இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரு தடவை நல்லா எழுதிட்டா, வேணுங்கறப்ப எடுத்துப் படிச்சுக்கலாம்னு தோணுச்சு.

போன சீசன்ல நடந்ததையே சொல்றேன். நம்ம கஸ்டமர் ஒருத்தர், பத்து வருஷமா நம்மகிட்ட இருக்கறவர், எக்ஸ் டேட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் 3 மணிக்கு ஒரு லாட் புட் வாங்கினார். "நாளைக்கு ஸ்டாக் டிவிடெண்ட் அளவுக்கு எப்படியும் இறங்கித்தானே ஆகணும் சார், இது கண்ணுக்குத் தெரியற பணம்"னார். மறுநாள் அவர் சொன்ன மாதிரியே ஸ்டாக் இறங்கித்தான் ஓப்பன் ஆச்சு. ஆனா புட் அசையவே இல்ல, சொல்லப்போனா அரை ரூபா கம்மியாத்தான் இருந்துச்சு. ஸ்க்ரீன்ல ஏதோ தப்புன்னு எனக்கு ஃபோன் பண்ணார். ஸ்க்ரீன் சரியாத்தான் இருந்துச்சு. அந்த இறக்கத்துக்கான காசை முந்தின நாளே அவர் பிரீமியத்துல சேர்த்துக் கொடுத்துட்டார்.

இது எப்படின்னு ரவுண்டா ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஷேர் விலை 1000, லாட் 500, எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கு, வருஷ வட்டி 6.5 சதவீதம், ஐவி 25. டிவிடெண்டே கிடையாதுன்னா 1000 ஸ்ட்ரைக் கால் சுமாரா 31 ரூபா, புட் 26 ரூபா வரும். அந்த 5 ரூபா வித்தியாசம் 1000 ரூபாய்க்கு ஒரு மாச வட்டி, வேற ஒண்ணும் இல்ல. இப்ப அதே ஸ்டாக், எக்ஸ்பைரிக்குள்ள 15 ரூபா டிவிடெண்ட் வருதுன்னு மார்க்கெட்டுக்குத் தெரியும்னு வச்சுக்குங்க. கால் 24க்கு வந்துடும், புட் 34 கிட்ட போயிடும். கால் 7 ரூபா குறைஞ்சு புட் 8 ரூபா ஏறி, ரெண்டும் சேர்ந்து அந்த 15 ரூபாயை பங்கு போட்டுக்குது. இதை ஒரே வரில இப்படி எழுதலாம்:

```
கால் − புட் = ஷேர் விலை − டிவிடெண்ட் − ஸ்ட்ரைக் + வட்டி
24 − 34 = 1000 − 15 − 1000 + 5
```

காரணம் சிம்பிள்தான். கால் வச்சிருக்கறவருக்கு டிவிடெண்ட் வராது, ஷேரை டீமேட்ல வச்சிருக்கறவருக்குத்தான் வரும், ஆனா எக்ஸ் டேட் அன்னிக்கு விலை குறையறது ரெண்டு பேருக்கும் பொது, அதனால காலுக்கு யாரும் முழு விலை கொடுக்க மாட்டாங்க, புட்டை விக்கறவரும் அந்த இறக்கத்தை முன்னாடியே சேர்த்துத்தான் விலை சொல்வார். இது எக்ஸ் டேட் அன்னிக்கு நடக்கறது இல்ல, டிவிடெண்ட் இவ்வளவு வரும்னு மார்க்கெட் எதிர்பார்க்க ஆரம்பிச்ச அன்னிக்கே நடந்து முடிஞ்சுடும். அதுக்கப்புறம் எதிர்பார்ப்பு மாறினாத்தான் விலை மாறும். 15 வரும்னு நினைச்ச இடத்துல போர்டு 10 ரூபாதான் அறிவிச்சா, ஷேர் அதே இடத்துல நின்னா கூட கால் கொஞ்சம் ஏறும், புட் கொஞ்சம் இறங்கும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும், "900 கால் 93ல கிடைக்குது, ஷேர் 1000ல இருக்கு, 7 ரூபா சும்மா கிடைக்குதே"ன்னு. மேல சொன்ன அதே ஸ்டாக்ல 900 ஸ்ட்ரைக் கால் கணக்குப்படி 93 கிட்டதான் வரணும், அது சரியான விலைதான். நம்ம ஊர் ஸ்டாக் ஆப்ஷன் 2011 ஜனவரில இருந்து யூரோப்பியன் ஸ்டைல், எக்ஸ்பைரி அன்னிக்குத்தான் எக்ஸர்சைஸ் ஆகும், இன்னிக்கே எக்ஸர்சைஸ் பண்ணி 100 ரூபா வாங்க வழி கிடையாது. எக்ஸ்பைரி வரும்போது ஷேர்ல இருந்து 15 ரூபா போயிருக்கும். நம்பிக்கை வரலைன்னா பக்கத்துல ஃபியூச்சர் விலையைப் பாருங்க, 990ல இருக்கும். வட்டி 5 சேரும், டிவிடெண்ட் 15 கழியும், அதான் 990. ஃபியூச்சர் ஸ்பாட்டை விட கீழ நின்னா "யாரோ பெரிய ஆள் விக்கறான்"னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி டிவிடெண்ட் இருக்கான்னு பாத்துடுங்க. நிஃப்டி ஃபியூச்சர் கூட ஜூன், ஜூலைல டிஸ்கவுண்ட்ல நிக்கறதுக்கு பெரும்பாலும் இதான் காரணம்.

யூடியூப்ல அமெரிக்கா வீடியோ பாத்துட்டு, "எக்ஸ் டேட்டுக்கு முந்தின நாள் நான் வித்த காலை எக்ஸர்சைஸ் பண்ணிடுவாங்களா"ன்னு பயந்து கேக்கறாங்க. அங்க ஸ்டாக் ஆப்ஷன் அமெரிக்கன் ஸ்டைல், டிவிடெண்டை வாங்கறதுக்காக முந்தின நாளே எக்ஸர்சைஸ் பண்றது அங்க நிஜமாவே நடக்கும். இங்க அந்த பயம் வேண்டாம்.

ஐவி விஷயத்துல கொஞ்சம் நின்னு பாருங்க. பல ஆப் ஸ்பாட் விலையை வச்சு, டிவிடெண்ட் பூஜ்யம்னு எடுத்துக்கிட்டு ஐவி காட்டும். நம்ம உதாரணத்துல அப்படிப் போட்டா ஒரே 1000 ஸ்ட்ரைக்ல கால் ஐவி 19னும் புட் ஐவி 32னும் வரும், உண்மைல ரெண்டுமே 25தான். இதைப் பாத்துட்டு "கால் சீப், புட் காஸ்ட்லி"ன்னு காலை வாங்கி புட்டை வித்தா டிவிடெண்டை எதிர்த்து பெட் கட்டின மாதிரி ஆயிடும். ஒரே ஸ்ட்ரைக்ல ரெண்டு ஐவியும் இப்படி விலகி நின்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது டிவிடெண்டைத்தான். கால்குலேட்டர்ல ஸ்பாட்டுக்கு பதிலா அதே மாசத்து ஃபியூச்சர் விலையை போட்டு வட்டியை பூஜ்யம் ஆக்கிட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துடும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் சின்ன டிவிடெண்டுக்கு. டிவிடெண்ட் பெருசா இருந்தா கதையே வேற, நிறைய பேர் குழம்பறது இங்கதான். இப்போதைய செபி விதிப்படி டிவிடெண்ட் ஷேர் விலைல 2 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா எக்ஸ்சேஞ்ச் எல்லா ஸ்ட்ரைக்ல இருந்தும் அந்த முழுத் தொகையையும் கழிச்சுடும், முன்னாடி இந்த எல்லை 5 சதவீதமா இருந்துச்சு. 1000 ரூபா ஷேருக்கு 30 ரூபா டிவிடெண்ட்னா எக்ஸ் டேட் காலைல உங்க 1000 கால் 970 கால் ஆயிருக்கும், லாட் அதே 500. ஷேரும் 970 கிட்ட ஓப்பன் ஆகும், பிரீமியம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், யாருக்கும் லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. அதனால அட்ஜஸ்ட் ஆகப்போற டிவிடெண்டுக்கு கால் முன்கூட்டி இறங்காது, புட் ஏறாது. 19 ரூபா டிவிடெண்ட் பிரீமியத்துக்குள்ள உக்காந்திருக்கும், 20 ரூபா டிவிடெண்ட் ஸ்ட்ரைக்ல கழிஞ்சுடும். ஒரு ரூபா வித்தியாசத்துல இவ்வளவு மாறுது.

அந்த 2 சதவீதத்தை எந்த விலைல கணக்கு போடறதுங்கறது ரொம்ப முக்கியம். கம்பெனி அறிவிச்ச நாளுக்கு முந்தின நாள் க்ளோசிங் விலைலதான் பாக்கணும், மார்க்கெட் முடிஞ்ச பிறகு அறிவிச்சா அன்னிக்கு க்ளோசிங். அறிவிக்கும்போது ஷேர் 1000, டிவிடெண்ட் 19, அப்புறம் ரெண்டு மாசத்துல ஷேர் 900க்கு இறங்கிடுச்சுன்னு வைங்க. இன்னிக்கு விலைக்கு அது 2.1 சதவீதம், ஆனாலும் அட்ஜஸ்ட்மெண்ட் கிடையாது, அறிவிச்ச அன்னிக்கு 1.9 தான். இதுல நம்ம ஆபீஸ்லயே ஒருத்தர் தப்பா கணக்கு போட்டதைப் பாத்திருக்கேன், அதனால சொல்றேன், எக்ஸ்சேஞ்ச் சர்க்குலர் வந்திருக்கான்னு பாக்காம முடிவு பண்ணாதீங்க.

இதை விட அதிகமா காசு போறது தேதில. ஃபைனல் டிவிடெண்டை மே மாசம் ரிசல்ட்டோட அறிவிச்சுடுவாங்க, ரெக்கார்டு டேட்டை சில கம்பெனிங்க பிறகுதான் சொல்லும். இப்ப டி ப்ளஸ் ஒன் செட்டில்மெண்ட்ங்கறதால பெரும்பாலும் ரெக்கார்டு டேட்டும் எக்ஸ் டேட்டும் ஒரே நாள்தான். எக்ஸ் டேட் ஜூலை எக்ஸ்பைரிக்கு முன்னாடி விழுந்தா ஜூலை ஆப்ஷன்ல டிவிடெண்ட் இருக்கும், ஒரே ஒரு நாள் தள்ளி எக்ஸ்பைரிக்கு அடுத்த நாள் விழுந்தா ஜூலை ஆப்ஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆகஸ்ட்ல போய் சேரும். போன வருஷம் ஜூலைல வந்த தேதிதான் இந்த வருஷமும்னு மார்க்கெட் நினைச்சிட்டிருக்கும்போது கம்பெனி ஆகஸ்ட் முதல் வாரம்னு அறிவிச்சா, 34ல வாங்கின ஜூலை புட் 26க்கு வந்துடும், ஷேர் ஒரு பைசா அசையாமலே லாட்டுக்கு 4000 ரூபா போயிடும். காலை வித்து வச்சிருந்தவருக்கும் அதே மாதிரி அடி. அதனால டிவிடெண்ட் ஸ்டாக்ல பொசிஷன் எடுக்கறதுக்கு முன்னாடி ரெக்கார்டு டேட் அறிவிச்சாச்சா இல்ல வெறும் எதிர்பார்ப்புதானான்னு என்எஸ்இ சைட்ல கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ் பக்கத்துல பாத்துடுங்க. அறிவிக்கலைன்னா நீங்க எடுக்கறது ஷேர் ரிஸ்க்கோட தேதி ரிஸ்க்கும் சேர்த்துதான்.

அட்ஜஸ்ட் ஆகற ஸ்டாக்ல ஒரு நடைமுறை சிக்கலும் இருக்கு. எக்ஸ் டேட் காலைல பழைய 1000 ஸ்ட்ரைக்கைத் தேடினா உங்க பொசிஷன் அதுல இருக்காது, 970னோ, டிவிடெண்ட் 22.50ன்னா 977.50னோ விசித்திரமான ஸ்ட்ரைக்ல இருக்கும். பயப்பட வேண்டாம், அது உங்க பொசிஷன்தான். ஆனா பழைய ஸ்ட்ரைக்ல போட்டு வச்ச ஜிடிடி ஸ்டாப்லாஸ் நம்ம சிஸ்டத்துல கேன்சல் ஆயிடும், தானா புது ஸ்ட்ரைக்குக்கு மாறாது. 9.15க்கு முன்னாடி பொசிஷன் புக்கைத் திறந்து புது ஸ்ட்ரைக்கைப் பாத்து திரும்பப் போட்டுடுங்க. இந்த மாதிரி புது ஸ்ட்ரைக்ல வாங்கறவங்க விக்கறவங்க கம்மியா இருப்பாங்க, மார்க்கெட் ஆர்டர் போடாம லிமிட்லயே போடுங்க.

கையில ஷேர் வச்சுக்கிட்டு கால் விக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. 31 வர வேண்டிய இடத்துல 24தான் கிடைக்குதேன்னு வருத்தப்படாதீங்க, 15 ரூபா டிவிடெண்ட் உங்க பேங்க் அக்கவுண்டுக்குத்தான் வரும். எக்ஸ்பைரில கால் இன் தி மணி ஆச்சுன்னா ஷேரை டெலிவரி கொடுக்கணும், 2019 அக்டோபர்ல இருந்து எல்லா ஸ்டாக் ஆப்ஷனும் ஃபிசிக்கல் செட்டில்மெண்ட்தான், ஆனா எக்ஸ் டேட் அதுக்கு முன்னாடியே போயிட்டா டிவிடெண்ட் உங்களோடது.

எக்ஸ் டேட் வர்ற ஸ்டாக்ல பொசிஷன் இருக்கறவங்க முந்தின நாள் மதியம் 2 மணிக்குள்ள ஆபீஸ் நம்பருக்கு ஸ்டாக் பேர், ஸ்ட்ரைக், மாசம் மூணையும் வாட்ஸ்அப் பண்ணுங்க, அட்ஜஸ்ட் ஆகுமா ஆகாதா, புது ஸ்ட்ரைக் என்னன்னு 3 மணிக்குள்ள பதில் அனுப்பிடறோம்.

அன்புடன்,
உங்க டெரிவேட்டிவ்ஸ் டெஸ்க்