அடுப்பின் மேலா, அடுப்புக்கு மேலா?

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய சிம்னிக் கையேட்டின் தமிழை இரண்டு முறை படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "சிம்னியை அடுப்பின் மேல் பொருத்தவும்." அப்படியே செய்தால் சிம்னி அடுப்பு மேலேயே உட்கார்ந்துவிடும். "அடுப்புக்கு மேல்" என்று இருக்க வேண்டும், கண்ணு.

"அகராதியில் மேல் என்றுதானே இருக்கிறது, முன்னால் வரும் சொல்லுக்கு எந்த வேற்றுமை போடுவது என்று எப்படித் தெரியும்?" என்று போனில் கேட்டாய். அப்போது பாதியில் விட்டுவிட்டேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த காலத்தில் நான் செய்துவந்ததை இப்போது எழுதுகிறேன்.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் "நான்" என்ற சொல்லைப் போட்டுப் பார். வீடு, அடுப்பு போன்ற சொற்களில் உருபு மறைந்தே வரலாம். "சிம்னி பற்றி" என்று எழுதினாலும் யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் "நான் பற்றி" என்று யாராலும் சொல்ல முடியாது. "என்னைப் பற்றி" என்றுதான் வாய் சொல்லும். உள்ளே ஐ இருப்பது அப்போது வெளியே வந்துவிடுகிறது. என், என்னை, எனக்கு என்று மூன்றும் வேறு வேறாக இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

இப்போது உன் "மேல்" என்ற சொல்லை வைத்துப் பார். "காகம் என் மேல் உட்கார்ந்தது." "காகம் எனக்கு மேலே பறந்தது." இரண்டும் சரிதான், ஆனால் பொருள் வேறு. முதலாவதில் காகம் என்னைத் தொடுகிறது. இரண்டாவதில் நடுவே வெறும் காற்று. கு வந்தால் அது அளக்கத் தொடங்கும் இடம். அதனால்தான் நூறு ரூபாய்க்கு மேல், பத்து மணிக்கு மேல் என்கிறோம். தலை மேல் பாரம் என்றால் பாரம் தலையில் இருக்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் என்றால் நீர்மட்டம் தலையைத் தாண்டிவிட்டது. கெடிலத்தில் வெள்ளம் வரும்போது "பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது" என்றால் பாலத்தை நனைத்துக்கொண்டு போகிறது. "பாலத்துக்கு மேல் இரண்டடி" என்றால் மட்டத்தை அளந்து சொல்கிறோம்.

முன், பின் இரண்டும் இப்படித்தான். "நீதிபதி முன் சொன்னான்" என்றால் அவர் எதிரில் நின்று சொன்னான். "நீதிபதிக்கு முன் சொன்னான்" என்றால் அவர் பேசுவதற்குள் இவன் பேசிவிட்டான் என்றும் படிக்கலாம். இந்த மூன்று சொற்களும் வரும் இடத்தில் மட்டும், "உருபு சரியா" என்று பார்ப்பதோடு நிறுத்தாதே. எழுதியதைப் படமாக வரைந்து பார். அடுப்பையும் சிம்னியையும் பென்சிலால் கிறுக்கினாலே போதும், தவறு தெரிந்துவிடும்.

அப்புறம் உத்தரவாதத் தாளில் "துருவை எதிராகப் பாதுகாக்கும்" என்று எழுதியிருக்கிறாய். இது எங்கே பிசகியது தெரியுமா? "எதிர்த்து" என்ற சொல் உன் மனதில் ஓடியிருக்கிறது. எதிர்த்து என்பதற்குள் ஒரு வினை இருக்கிறது. யாரை எதிர்த்தான் என்று கேட்கலாம், அதனால் "என்னை எதிர்த்து". எதிராக என்பதில் இருப்பது எதிர் என்ற பெயர், அதனால் "எனக்கு எதிராக". பற்றி, நோக்கி, சுற்றி, விட, தவிர எல்லாம் வினையிலிருந்து வந்தவை, எல்லாமே ஐ கேட்கும். முன்னிட்டு என்பதும் அப்படித்தான். உள்ளே முன் இருந்தாலும் "பொங்கலை முன்னிட்டு" என்றுதான் வரும். உன் வரியை "துருவுக்கு எதிராக" என்று திருத்தலாம். ஆனால் "துருப்பிடிக்காமல் காக்கும்" என்பதுதான் நம் வீட்டில் பேசுகிற தமிழ், அதையே போடு.

"நான்" எல்லா இடத்திலும் உதவாது. "வரை" என்பதற்கு முன்னால் ஆளைப் போட்டால் வாக்கியம் இடறும். அங்கே ம் என்று முடியும் ஒரு சொல்லைப் போடு. "பாலம் வரை நடந்தேன்" என்று பாலம் மாறாமலே நிற்கிறது, ஆகவே அங்கே உருபு இல்லை. "பாலம் மேல்" என்று எழுதிப் பார், உடனே இடிக்கும். "பாலத்தின் மேல்" ஆக வேண்டும்.

ஆறாம் பக்கத்தில் "வடிகட்டியின் கீழ் எண்ணெய்க் கிண்ணம்" என்று இருக்கிறது. கிண்ணம் வடிகட்டியில் ஒட்டியிருக்கிறதா, கீழே தனியாகத் தொங்குகிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல். தெரிந்த பிறகு அந்த வரியை முடிவு செய்வோம்.

அன்புடன்,
அப்பா