பத்திர நகல் வைத்திருப்பவரெல்லாம் உரிமையாளர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருக்கும் வீடு கைமாறிவிட்டதாகக் கடிதம் வந்தால் வாடகையை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு, உங்கள் கேள்வி பதில் பகுதியில் வந்த பதிலைப் படித்தேன். கிரயப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், பழைய உரிமையாளருக்குப் போன் செய்து விற்றது உண்மைதானா என்று கேளுங்கள், இரண்டும் சரியாக இருந்தால் பணத்தை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அப்புறமும் பணத்தைப் பறிகொடுத்த ஒருவரின் விவகாரம் எங்களிடம் வந்தது. சொத்து வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரிடம் நான் எழுத்தராக இருக்கிறேன்.

அந்தக் குடித்தனக்காரருக்கு மாத ஆரம்பத்தில் ஒரு கடிதம் வந்தது. இந்த வீட்டை நான் வாங்கிவிட்டேன், இனி வாடகையை இந்தக் கணக்கில் போடுங்கள் என்று இருந்தது. கூடவே கிரயப் பத்திரத்தின் நகல். அதில் வீட்டு எண், அளவு, விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாம் சரி. அவர் விவரமானவர்தான். உடனே பணம் அனுப்பவில்லை. பழைய உரிமையாளரைக் கூப்பிட்டு, "ஐயா, வீட்டை வித்துட்டீங்களாமே, உண்மையா?" என்று கேட்டார். "ஆமாம்மா, போன மாசம் பத்திரம் முடிஞ்சிடுச்சு. சொல்லணும்னு இருந்தேன்" என்றார் அவர். அதோடு சந்தேகம் தீர்ந்தது, வாடகை போய்விட்டது. அடுத்த மாதமும் போனது. அதன் பிறகுதான் வீட்டை உண்மையில் வாங்கியவர் வாசலில் வந்து நின்று, ஏன் இன்னும் வாடகை தரவில்லை என்று கேட்டார்.

விற்பனை உண்மை. பத்திரமும் உண்மை. கடிதம் எழுதியவன்தான் பொய். பதிவான கிரயப் பத்திரத்தின் நகலைப் பல இடங்களில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். ஆக, நகலை நீட்டுவதால் வீடு விற்கப்பட்டது என்பது தெரியும். நீட்டுகிறவர்தான் வாங்கியவர் என்பது தெரியாது. சமீபத்தில் கைமாறிய வீடுகளாகத் தேடிப் பிடித்து, வாங்கியவர் குடித்தனக்காரரைப் பார்க்க வருவதற்குள் முந்திக்கொள்வதுதான் இந்த வகை மோசடியின் சூட்சுமம். வாங்கியவரின் பெயரையே கடிதத்தில் போட்டுவிட்டு, கணக்கு மட்டும் "என் மகன் பெயரில்" அல்லது "என் மேலாளர் பெயரில்" என்பார்கள். இவர் விஷயத்திலும் கணக்கு வேறு பெயரில்தான் இருந்தது. வாங்கியவர் வெளியூரில் இருப்பதாகக் காரணம் சொல்லியிருந்தார்கள்.

பழைய உரிமையாளரிடம் போன் செய்து கேட்டதில் தவறில்லை. கேட்ட கேள்விதான் போதாது. விற்றீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். யாருக்கு விற்றீர்கள், அவருடைய போன் எண் என்ன, வாடகையை எந்தக் கணக்கில் போடச் சொன்னார் என்று கேட்க வேண்டும். நம் கையில் இருக்கும் கடிதத்தைப் படித்துக் காட்டி "இது சரிதானே?" என்று கேட்கக் கூடாது. அவசரத்தில் இருப்பவர் கேட்காமலே சரி என்று சொல்லிவிடுவார். விவரம் அவர் வாயிலிருந்து வரட்டும், நாம் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அவரைக் கூப்பிடுவதும் நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணில்தான். வந்த கடிதத்தில் அச்சடித்திருக்கும் எண்ணில் கூப்பிட்டுச் சரிபார்ப்பதில் அர்த்தமே இல்லை.

இதற்கும் மேலாக எழுத்து வேண்டும். பழைய உரிமையாளர், வாங்கியவர் இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். வீடு எந்தத் தேதியில் கைமாறியது, எந்த மாத வாடகையிலிருந்து புதியவருக்குச் சேரும், கணக்கு யார் பெயரில் எந்த எண்ணில் இருக்கிறது, நாம் கொடுத்த அட்வான்ஸ் புதியவர் கைக்குப் போய்விட்டதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி விஷயத்தைப் பலர் கேட்பதே இல்லை. காலி செய்யும்போது பழையவர் புதியவரைக் காட்டுவார், புதியவர் பழையவரைக் காட்டுவார்.

பழைய உரிமையாளரின் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், சட்டமும் குடித்தனக்காரரை அந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வீடு கைமாறியதை நம்பக் காரணம் இல்லாத நிலையில் குடித்தனக்காரர் பழையவரிடமே வாடகை கொடுத்திருந்தால், அதைப் புதியவருக்கு மறுபடி கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. ஜெர்மானியக் குடிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வீட்டை இன்னாருக்கு மாற்றிவிட்டேன் என்று உரிமையாளரே குடித்தனக்காரருக்குத் தெரிவித்துவிட்டால், அந்த மாற்றம் உண்மையில் நடக்காமலே போனாலும், வாடகை விஷயத்தில் அவர் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். நாம் பணம் கொடுத்து வந்தவர் சொன்ன சொல்லை நம்பினால் இப்படி ஒரு பிடிமானம் உண்டு. முன்பின் தெரியாத மூன்றாம் ஆளின் கடிதத்தை நம்பி அனுப்பிய பணத்துக்கு 109ஆம் பிரிவைக் காட்ட முடியாது, ஏனென்றால் அது பழைய உரிமையாளருக்குப் போன பணமே இல்லை. எங்களிடம் வந்தவருக்கு நேர்ந்ததும் இதுதான். உண்மையான உரிமையாளருக்கு இரண்டு மாத வாடகை பாக்கி அப்படியே நின்றது. அவர் நல்ல மனிதராக இருந்ததால் தவணையில் வாங்கிக்கொண்டார்.

சரி, உறுதியாகத் தெரியும்வரை என்ன செய்வது? வாடகையைக் கொடுக்காமல் சும்மா இருந்துவிடக் கூடாது. பாக்கி வைத்தார் என்று நாளை நம் மேலேயே வழக்கு வரலாம். பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கெடு தேதிக்கு முன்பே இருவருக்கும் எழுத வேண்டும்: வாடகை தயாராக இருக்கிறது, யாருக்கு என்று இருவரும் சேர்ந்து எழுத்தில் சொன்ன அன்றே அனுப்புகிறேன். தேதியோடு அனுப்பிய இந்தக் கடிதம் பின்னால் கை கொடுக்கும். உரிமையாளர் இறந்து வாரிசுகள் ஆளுக்கொரு பக்கம் வாடகை கேட்கும்போதும் இதே வழிதான். அங்கே பேச்சு முடியாது என்று தெரிந்தால், வாடகையை நீதிமன்றத்திலோ வாடகை அதிகாரியிடமோ கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளப் பல நாட்டுச் சட்டங்களில் இடம் உண்டு. பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், கடிதம் எழுதியவனோடு வாதம் பண்ணிக்கொண்டிருக்காமல் முதலில் வங்கியைக் கூப்பிட வேண்டும். பணம் அந்தக் கணக்கில் கிடக்கும்வரைதான் அதை முடக்க முடியும்.

இன்னொன்று. வீடு விற்பனைக்கு வந்திருக்கும் சமயத்தில், "ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுங்கள், கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்று பழைய உரிமையாளரே கேட்பதுண்டு. கெடு தேதிக்கு முன்பே கொடுத்த பணம் அந்தத் தேதி வரும்வரை வாடகை ஆகாது, உரிமையாளருக்குக் கொடுத்த கைமாற்றுப் போலத்தான் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1870லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நடுவில் வீடு கைமாறி, அந்தத் தகவலும் வந்துவிட்டால், மீதி மாதங்களுக்குப் புதியவர் மறுபடி கேட்க வழி இருக்கிறது. தள்ளுபடிக்கு ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.

விற்பவர்களுக்கும் உங்கள் பகுதியில் நாலு வரி எழுதுங்கள். எங்களிடம் வந்த விவகாரத்தில் பழைய உரிமையாளர் பத்திரம் முடிந்த அன்றே ஒரு கடிதம் போட்டிருந்தால், மோசடிக்காரனுக்கு நுழைய இடமே இருந்திருக்காது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவரின் பெயரும் முகவரியும் எழுத்தில் குடித்தனக்காரருக்குப் போய்ச் சேரும்வரை, குடியிருப்பு ஒப்பந்த மீறல்களுக்கு விற்றவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. "சொல்லணும்னு இருந்தேன்" என்பது அங்கே செல்லாது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்