‘வரவு’ என்று சொல்லாதீர்கள், ‘இன்னும் பாஸ் ஆகவில்லை’ என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செக் கிளியரிங் வேகமாகிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் செக் போட்டவருக்கு வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி மட்டும் பழைய மாதிரியே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை.

பல வங்கிகளின் செய்தி ஏறக்குறைய இப்படித்தான் வருகிறது: “உங்கள் கணக்கில் ரூ.48,000 வரவு வைக்கப்பட்டது. இருப்பு ரூ.51,200. வசூலாவதற்கு உட்பட்டது.” இதில் முதல் இரண்டு வாக்கியங்களும் பணம் வந்துவிட்டது என்கின்றன. மூன்றாவது, வரவில்லை என்கிறது. படிப்பவர் கண் ‘இருப்பு’ என்ற இடத்திலேயே நின்றுவிடும். ‘வசூலாவதற்கு உட்பட்டது’ என்பது வங்கி அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி. கவுன்ட்டருக்கு வருகிறவர் கேட்பது, “சார், செக் பாஸ் ஆயிடுச்சா?” என்றுதான். இன்னும் சில வங்கிகள் ‘தெளிவு பெறும் வரை’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கின்றன. செக் எப்போது குழம்பியது, இப்போது தெளிவதற்கு?

இந்தக் குழப்பத்தின் வேர் மென்பொருளில் இருக்கிறது. செக்கைப் பதிவு செய்த உடனே பேரேட்டில் ஒரு வரவுப் பதிவு விழுகிறது. அந்தத் தொகை ‘கிளியர் ஆகாதது’ என்று தனியாகக் குறிக்கப்பட்டு, எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆனால் குறுஞ்செய்தியைக் கிளப்பும் விசை பேரேட்டுப் பதிவோடு இணைக்கப்பட்டிருந்தால், பணம் கைக்கு வந்தபோது போக வேண்டிய செய்தி, காகிதம் கைக்கு வந்தபோதே போய்விடுகிறது. பணம் உண்மையிலேயே விடுவிக்கப்படும் நேரத்தில் பேரேட்டில் புதிய பதிவு எதுவும் விழாது. அதனால் அப்போது செய்தியும் வராது. தேவையில்லாத நேரத்தில் ஒன்று, தேவையான நேரத்தில் ஒன்றுமில்லை.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். ஒருவரின் கணக்கில் இருப்பது ரூ.3,200. மாதத்தின் நான்காம் தேதி, முதல் சனிக்கிழமை, வங்கி உண்டு. மாலை நாலரை மணிக்கு ரூ.48,000 செக் ஒன்றைப் போடுகிறார். அன்றைய கிளியரிங்குக்கு அனுப்பும் நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் பதிவு விழுகிறது, மேலே சொன்ன செய்தியும் வருகிறது. ஐந்தாம் தேதி ஞாயிறு. வண்டிக் கடன் தவணை ரூ.12,450 அன்றைக்குத்தான். செக் கிளியரிங்குக்கு ஞாயிறு விடுமுறை. தவணைப் பிடித்தம் போகும் நாச் முறையோ 2021 ஆகஸ்ட் 1 முதல் வாரத்தின் எல்லா நாளும் இயங்குகிறது. பிடித்தம் வந்து பார்க்கும்போது எடுக்கக்கூடியது ரூ.3,200தான். திரும்பிப் போகிறது. வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் ஒன்று போடும். கையில் ‘இருப்பு ரூ.51,200’ என்ற செய்தியை வைத்துக்கொண்டு அவர் திங்கட்கிழமை வந்து சண்டை போட்டால், தப்பு அவர் மேல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு விதமும் உண்டு. பழைய பைக் வாங்குகிறவர், விற்பவரின் கணக்கிலேயே நேராகச் செக்கைப் போட்டுவிட்டு, “மெசேஜ் வந்திருக்கும் பாருங்க” என்பார். வந்திருக்கும். சாவியும் ஆர்.சி. புத்தகமும் கை மாறும். பிறகு செக் திரும்பும். ஏமாற்றுகிறவனுக்கு வங்கியே எழுதிக் கொடுத்த ரசீது அந்தச் செய்தி.

இப்போது செய்தியைத் திருத்துவது முன்பைவிட எளிது. காரணம், 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த தொடர் கிளியரிங். அனுப்பிய செக்குக்குப் பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ‘சரி’ அல்லது ‘இல்லை’ சொல்லிவிட வேண்டும். வாயே திறக்காவிட்டால் ‘சரி’ என்றே எடுத்துக்கொள்ளப்படும். வங்கிகளுக்கிடையே கணக்கு நேரானதும் ஒரு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்குப் பணத்தை விடுவிக்க வேண்டும். ஆகவே ‘எப்போது தெரியும்’ என்ற கேள்விக்கு இன்று வங்கியால் நாளும் நேரமும் சொல்லி பதில் தர முடியும். ‘இரண்டு மூன்று வேலை நாட்கள்’ என்று இழுக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன அதே செக்குக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“கணக்கு 4321: செக் 123456, ரூ.48,000 பெற்றோம். இன்னும் பாஸ் ஆகவில்லை. இப்போது எடுக்கக்கூடியது ரூ.3,200 மட்டும். திங்கள் இரவு 8-க்குள் பாஸ்/ரிட்டர்ன் செய்தி வரும்.”

இதில் ‘வரவு’ என்ற சொல்லே இல்லை, வேண்டுமென்றுதான் தவிர்த்தேன். அந்தச் சொல்லைப் பணம் விடுவிக்கப்படும்போது போகும் இரண்டாவது செய்திக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். மொத்த இருப்பையும் கூட்டிச் சொல்லவில்லை. ரூ.51,200 என்ற எண் அன்றைக்கு யாருக்கும் எதற்கும் உதவாது. செக் எண்ணைப் போட்டதற்குக் காரணம், ஒரே நாளில் நாலு செக் போடும் கடைக்காரர்தான். தொகை ஒன்றாக இருந்தால் எது பாஸ், எது ரிட்டர்ன் என்று அவருக்குத் தெரிய வேறு வழியில்லை.

தமிழில் அனுப்பினால் செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து பிடிக்கும், தமிழில் 70தான். நீளமாகிப் பிரிந்தால் ஒரு துண்டுக்கு 67. அதிலும் ‘கு’ என்றால் எழுத்தும் குறியும் சேர்ந்து இரண்டு இடம். மேலே உள்ள செய்தி எண்ணிப் பார்த்தால் சுமார் 160 இடம். மூன்று துண்டில் 201 வரை போகலாம் என்பதால், வங்கியின் பெயரைச் சேர்த்தாலும் மூன்றுக்குள் அடங்கும். வாசகம் மாறினால் தொலைத்தொடர்பு விதிப்படி அதை மறுபடி பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். எண்கள் வரும் இடங்களை மட்டும் மாறக்கூடியவையாக விட்டால் போதும், ஒரு முறை செய்யும் வேலை இது.

செக் திரும்பினால் போகும் செய்திக்கும் இதே அக்கறை வேண்டும். ‘செக் நிராகரிக்கப்பட்டது’ என்று மட்டும் சொன்னால் போதாது. பணம் இல்லாமல் திரும்பியதா, கையெழுத்து மாறியதா, தேதி மூன்று மாதத்தைத் தாண்டியதா என்ற காரணத்தைச் சொன்னால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். பணம் இல்லாமல் திரும்பியிருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப 30 நாள்தான் அவகாசம். செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த நாளிலிருந்து அந்தக் கெடு ஓடத் தொடங்கும். “ரிட்டர்ன் மெமோவைக் கிளையில் வாங்கிக்கொள்ளவும்” என்று அந்தச் செய்தியிலேயே ஒரு வரி இருந்தால், வக்கீலைப் பார்க்கப் போகும்போது கெடு தாண்டியிருக்காது.

இப்படிக்கு,
கிளியரிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
திருச்சி