அந்தப் பச்சை வயர் ஏன் உருகியது? கேபிள் வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிரான்ஸ்பார்மரிலிருந்து மெயின் பேனல் வரை வரைபடம் போட்டுத் தரும் மின் ஆலோசகர்களுக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு கேபிள் இழுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் மில்லுக்குப் போட்ட வரைபடத்தில் விட்டுப்போன ஒரே ஒரு வரிக்காக இந்த மடல். யார் போட்டது என்பது இங்கே முக்கியமில்லை. அதே வரி விட்டுப்போன வரைபடங்களை வேறு இடங்களிலும் பார்த்துவிட்டேன்.

எங்களிடம் இருப்பது 1000 கே.வி.ஏ., 11 கே.வி./433 வோல்ட் டிரான்ஸ்பார்மர். முழு லோடில் எல்.டி. பக்கம் 1,333 ஆம்பியர் வரும். ஒரு ஃபேஸுக்கு 630 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் சிங்கிள் கோர் கேபிள் மூன்று, ஆக ஒரு கேபிளுக்குச் சுமார் 445 ஆம்பியர். பேனல் வரை 25 மீட்டர். வரைபடத்தில் கேபிள் அளவும் எண்ணிக்கையும் மட்டும்தான் இருந்தன. எப்படி அடுக்குவது, ஆர்மரை எந்த முனையில் எர்த் செய்வது என்று ஒரு எழுத்துகூட இல்லை. ஒப்பந்ததாரர் தன் அனுபவத்தில் ஒன்பதையும் ட்ரேயில் தட்டையாகப் பரப்பினார். ஆர், ஒய், பி என்று மூன்று மூன்றாக வைத்து, ஒவ்வொரு கேபிளுக்கும் இடையே ஒரு கேபிள் தடிமன் இடைவெளி விட்டார். காற்றோட்டம் கிடைக்கும், சூடாகாது என்பது அவர் கணக்கு. இரு முனையிலும் கிளாண்டிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் பச்சை வயர் எடுத்து எர்த் பாரில் முறுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு நைட் ஷிஃப்டில் பேனல் அறையில் கருகல் வாடை. லக் லூஸாக இருக்கும் என்றுதான் முதலில் தேடினோம். லக் எல்லாம் நன்றாக இருந்தது. கீழே குனிந்து பார்த்தால், கிளாண்டிலிருந்து வரும் பச்சை வயர்களில் இரண்டு, தோல் உருகி வழிந்து கிடந்தன. எர்த் லீக்கேஜ் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பேனலிலிருந்து பூமிக்குப் போகும் ஸ்ட்ரிப்பில் டாங் டெஸ்டர் மாட்டினால் காட்டியது மிகக் குறைவு. உருகுகிற அளவுக்கு ஓடும் மின்சாரம் எங்கேயோ இருந்து வந்து எங்கேயோ போகவில்லை, உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

விஷயம் இதுதான். சிங்கிள் கோர் கேபிளில் ஒரே ஒரு கம்பி. அதைச் சுற்றி அலுமினியம் வயர் ஆர்மர். கம்பியில் ஏ.சி. ஓடும்போது அதன் காந்தப்புலம் ஆர்மரிலும் வோல்ட்டேஜைத் தூண்டும். மூன்று ஃபேஸும் ஒரே உறைக்குள் இருக்கும் கேபிளில் மூன்று புலங்களும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடும். தனித்தனிக் கேபிளில் அப்படி நடக்காது. தள்ளித் தள்ளி வைத்தால் இன்னும் மோசம். வோல்ட்டேஜ் என்னவோ சின்னதுதான். எங்கள் தட்டை அமைப்பில் முழு லோடில், 25 மீட்டருக்கும் சேர்த்து ஓரக் கேபிளில் 1.4 வோல்ட்கூட வராது. ஆனால் ஆர்மரின் தடையும் 25 மீட்டருக்கு வெறும் 4 மில்லி ஓம். இரு முனையையும் எர்த் பாரில் கட்டினால் சுற்று மூடிக்கொள்கிறது. அப்புறம் அந்தச் சின்ன வோல்ட்டேஜே நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஓட்டிவிடும்.

உருகிய வயர்களை எடுத்துவிட்டு 50 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டு அளந்தோம். அப்போது ஒரு கேபிளுக்கு 356 ஆம்பியர் லோடு. ஒரு குழுவின் மூன்று ஆர்மரிலும் சுமார் 235, 160, 198 ஆம்பியர் ஓடியது. நடுக் கேபிளில்தான் குறைவு. ஓரங்களில் அதிகம், அதிலும் ஒரு ஓரம் இன்னொன்றைவிட அதிகம். ஃபேஸ் வரிசையை மாற்றினால் இந்த இரண்டு ஓரங்களும் இடம் மாறும். 235 ஆம்பியர் ஓடும் கேபிளில் ஆர்மர் மீட்டருக்குச் சுமார் 8.8 வாட் சூட்டைக் கக்குகிறது. உள்ளே லோடைச் சுமக்கும் கம்பியே 7.6 வாட்தான். அதாவது வேலை செய்கிறவனைவிட வேடிக்கை பார்க்கிறவன் அதிகம் சூடாகிறான்!

அளக்கும்போது நாங்கள் விழுந்த ஒரு குழியையும் சொல்லிவிடுகிறேன். பச்சை வயர் இல்லாமல் கிளாண்டே நேராகப் பிளேட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆர்மர் மின்னோட்டத்தைத் தனியாகப் பிடிக்க முடியாது. கிளாண்டுக்கு மேலே, ஆர்மர் உரித்த கோரில் மாட்டினால் கம்பியின் மின்னோட்டம் மட்டும் வரும். கிளாண்டுக்குக் கீழே, முழுக் கேபிளில் மாட்டினால் கம்பியும் ஆர்மரும் சேர்ந்தது வரும். எங்கள் நடுக் கேபிளில் மேலே 356, கீழே 318. சரி, வித்தியாசம் 38 ஆம்பியர்தானே என்று எங்கள் பையன் ஒருவன் எழுதிவைத்துவிட்டான். அது தப்பு. இரண்டும் ஒரே கோணத்தில் இல்லை. நடுக் கேபிளில் ஆர்மர் மின்னோட்டமும் வெளியே தெரியும் மொத்தமும் செங்குத்தாக நிற்கும். ஆக 356² என்பது 318² + 160². கழித்துப் பார்த்தால் 38, உண்மையில் ஓடுவது 160. ஓரக் கேபிள்களில் கோணம் வேறு, அங்கே இந்தச் சுருக்கு வழி செல்லாது. அதனால் பச்சை வயரிலேயே நேராக அளந்துவிடுவது நல்லது.

இன்னொரு குழப்பமும் வரும். இரும்பு கிளாண்ட் பிளேட்டில் ஒவ்வொரு சிங்கிள் கோர் கேபிளுக்கும் தனித் துளை போட்டால், துளைகளுக்கு நடுவே உள்ள இரும்பு தானாகவே சூடாகும். அதற்கு ஆர்மரோடு சம்பந்தமே இல்லை. பிளேட் சுட்டு, ஒரு மீட்டர் தள்ளிக் கேபிள் குளிர்ந்திருந்தால் குற்றவாளி பிளேட். அதை அலுமினியமாக மாற்றினால் தீர்ந்தது. கேபிள் நெடுக வெளித்தோல் சுட்டால் ஆர்மர். இரண்டும் ஒரே பேனலில் இருப்பதும் உண்டு.

இனி ட்ரிஃபாயில். ஆர், ஒய், பி மூன்றையும் ஒன்றோடொன்று ஒட்டி முக்கோணமாகக் கட்டினால், ஆர்மரில் தூண்டப்படும் வோல்ட்டேஜ் தட்டை அமைப்பின் நடுக் கேபிளில் வருவதில் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறையும். ஓரக் கேபிளோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. மூன்றிலும் சமமாகவும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் எடுத்து அதே கேபிள்களை ட்ரிஃபாயிலாக மாற்றினோம். அதே 356 ஆம்பியர் லோடுக்கு ஆர்மரில் ஓடியது ஒவ்வொன்றிலும் சுமார் 110. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்குப் போவதால் ஒன்பது ஆர்மர்களின் மொத்த வீண் சூடு 1,440 வாட்டிலிருந்து 440 வாட்டுக்குள் வந்தது. மில் ஓடும் நேரத்துக்கு வருடத்துக்கு 8,000 யூனிட் போல மிச்சம். முதலாளியிடம் ஷட்டவுன் கேட்க அந்தக் கணக்குதான் உதவியது.

அப்படியானால் தட்டை அமைப்பு தப்பா? இல்லை. தட்டையாகப் பரப்பினால் குளிர்ச்சி நன்றாக இருக்கும் என்பது உண்மைதான், ஆர்மரில் மின்னோட்டம் ஓடாத வரை. ஆர்மரை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையைக் கிளாண்டோடு சேர்த்து இன்சுலேட் செய்தால் சுற்று மூடாது, மின்னோட்டமும் ஓடாது. 25 மீட்டருக்கு, திறந்த முனையில் ஒன்றரை வோல்ட்டுக்கும் கீழேதான் நிற்கும். பிரிட்டிஷ் வயரிங் விதியான பி.எஸ். 7671 இந்த முறையை 50 சதுர மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கேபிளுக்கு அனுமதிக்கிறது, முழு லோடில் 25 வோல்ட் போன்ற ஒரு வரம்பையும் காட்டுகிறது. நம் நீளங்களுக்கு அது வெகுதூரம். ஆனால் ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் அந்த முனையில் எழும் வோல்ட்டேஜையும் கணக்குப் போட வேண்டும். எர்த் ஃபால்ட் மின்னோட்டம் திரும்ப ஆர்மர் வழி இல்லை என்பதால், கேபிளோடு ஒட்டியே தனி எர்த் கண்டக்டரும் ஓட வேண்டும்.

நான் இரண்டு வழியில் ட்ரிஃபாயிலை எடுத்ததற்குக் காரணம் கணக்கு அல்ல, ஆள். இன்சுலேட் செய்த முனையை ஐந்து வருடம் கழித்து யாரோ ஒரு புதுப் பையன் பார்ப்பான். 'எர்த் விட்டுப்போச்சு' என்று நல்ல மனதோடு ஒரு வயரை மாட்டிவிட்டுப் போவான். அன்றைக்கே பழைய கதை தொடங்கிவிடும், யாருக்கும் தெரியாது. தட்டை அமைப்பும் ஒற்றை முனை எர்த்தும் வேண்டும் என்றால், அந்த முனையில் அழியாத ஒரு பலகை மாட்டச் சொல்லி வரைபடத்திலேயே எழுதுங்கள். தட்டையும் இரு முனை எர்த்தும் என்ற கூட்டணியை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கேபிள் கம்பெனி அட்டவணையில் தட்டைக்குக் கூடுதல் ஆம்பியர் போட்டிருந்தால், எந்த முறை எர்த்துக்கு அந்த எண் என்று அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஒப்பந்ததாரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'ட்ரிஃபாயில் போடு' என்றால் மூன்று ஆர் கேபிளை ஒரு கட்டு, மூன்று ஒய்யை ஒரு கட்டு என்று கட்டுகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஸ்பாரில் முடிக்க அது சுலபம், ஏனென்றால் ஒரே ஃபேஸ் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆனால் அது ட்ரிஃபாயிலே இல்லை. ஒரே ஃபேஸின் புலங்கள் சேர்ந்து பெருகும், ஆர்மர் மின்னோட்டம் ஏறும், ஒரே ஃபேஸின் மூன்று கேபிளும் லோடைச் சமமாகப் பகிராது. அடுத்த ஃபேஸுக்குப் பக்கத்தில் கிடப்பது அதிகம் சுமக்கும். ஒவ்வொரு கட்டிலும் ஆர், ஒய், பி மூன்றும் இருக்க வேண்டும். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே இரண்டு கேபிள் தடிமனாவது இடம் விடுங்கள். முனையில் பிரிக்கும் நீளத்தை முடிந்தவரை குறையுங்கள்.

அதோடு, நைலான் டையில் கட்டி விடாதீர்கள். எங்கள் டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் 5 சதவீதம். பேனலில் மூன்று ஃபேஸ் ஷார்ட் ஆனால் சுமார் 27 கிலோ ஆம்பியர் வரும். முதல் உச்சத்தில் ஒரு கட்டுக்குள் கேபிள்கள் மீட்டருக்குச் சுமார் 140 கிலோ எடையளவு விசையில் ஒன்றையொன்று உதறும். அதைத் தாங்கும் ட்ரிஃபாயில் கிளாம்பை, தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் போட வேண்டும்.

ஆலோசகர்களிடம் கேட்பது ட்ரேயின் ஒரு குறுக்குவெட்டுப் படம், வேறொன்றுமில்லை. எந்தக் கேபிள் எந்த ஃபேஸ், ஒட்டியா தள்ளியா, ஆர்மர் எந்த முனையில் எர்த், கிளாண்ட் பிளேட் என்ன உலோகம் என்பது அதில் தெரிந்தால் போதும். கால் பக்கத்தில் அடங்கும். எங்கள் மில்லில் அந்தப் படத்தை நானே பால்பாயிண்ட் பேனாவில் வரைந்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நூற்பாலை மெயின்டனன்ஸ்காரன்